வரைபடத்தின் மடிந்த ஓரம்

சால்மேயின் குரல் எனக்கு ஆறு வருஷப் பழக்கம். முகம் ஒரு நாள்கூடப் பழக்கமில்லை.

எங்கள் வட்டாரத்தில் தனியாக இருக்கும் கிழடுகளை எல்லாம் நகராட்சிக்காரி கெர்ஸ்தி ஜோடி சேர்த்துவிட்டாள். கல்யாணத்துக்கு இல்லை, போனுக்கு. தினமும் மாலை ஒருவர் மற்றவரை அழைத்து, ஆள் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும். போனவர்களைப் பல நாள் கழித்துக் கண்டுபிடிப்பது நகராட்சிக்கு அவமானமாக இருந்திருக்கும் போல. எனக்குக் கிடைத்தவள் சால்மே. காட்டுக்கு வடக்குப் புறம் இருந்தாள். நான் தெற்குப் புறம். நடுவில் மூன்றரை கிலோமீட்டர் பைன் மரமும் ஸ்ப்ரூஸ் மரமும் சதுப்பும். தார் ரோட்டில் சுற்றிக்கொண்டு போனால் நாற்பது கிலோமீட்டர். எனக்குக் கார் கிடையாது, அந்தப் பக்கம் பஸ்ஸும் கிடையாது.

"உயிரோட இருக்கியா?" என்பாள்.

"இருக்கேன். உனக்கு வருத்தமா?"

"கொஞ்சம். சாவுக்குப் போடற கறுப்பு டிரஸ்ஸை வெளியில எடுத்து வச்சிருந்தேன், மறுபடி உள்ள வைக்கணும்."

அவ்வளவுதான் பேச வேண்டியது. ஆனால் நாங்கள் ஒரு மணி நேரம் பேசுவோம். உருளைக்கிழங்கு அழுகல், அவள் முழங்கால், என் இடது கண், டார்ட்டூ நகரத்தில் இருக்கும் அவள் மகள், எங்குமே இல்லாத என் மகன். ஒரு தடவை பேச்சுவாக்கில் நான் வாலிபத்தில் காட்டோட்டப் பந்தயத்தில் மாவட்டச் சாம்பியன் என்று உளறிவிட்டேன். வரைபடமும் திசைகாட்டியும் மட்டும் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத காட்டில் ஓடி, ஒளித்து வைத்த கொடிகளை வரிசையாகத் தொட்டு வரும் பந்தயம் அது. அன்றிலிருந்து என் பெயர் போய், அவளுக்கு நான் சாம்பியன் ஆகிவிட்டேன்.

"என்ன சாம்பியன், மூணரை கிலோமீட்டர் நடந்து ஒரு வாய் காபி குடிக்க வழி தெரியலையா?"

"கூப்பிட்டாத்தானே வருவேன்."

"கூப்பிட மாட்டேன். வீடு குப்பையா கிடக்கு."

எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. உள்ளதைச் சொல்கிறேனே, பயம். போனில் நான் நன்றாகவே பேசுவேன். நேரில் பார்த்தால், பல் போன வாயும் கோணல் கண்ணும் உள்ள ஒரு கிழவன் நாற்காலியில் உட்கார்ந்து காபியை உறிஞ்சுவான். அதற்குப் பிறகு அவள் அழைப்பாளா என்று யாருக்குத் தெரியும். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். எங்களுக்குள் ஒப்பந்தம் ஒன்று மட்டும் இருந்தது. இரண்டு மாலை தொடர்ந்து பதில் வராவிட்டால் மற்றவர் கிளம்பி வந்துவிட வேண்டும்.

போன அக்டோபரில் புயல் வந்தது. ராத்திரி முழுக்க மரங்கள் முறிகிற சத்தம். காலையில் பார்த்தால் கரண்ட் இல்லை, என் வேலியே இல்லை. போன் கோபுரமும் செத்துவிட்டது. என்னிடம் இருப்பது பட்டன் போன், அதிலும் கடைசிக் கோடு சார்ஜ். முதல் மாலை அழைத்தேன், எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் மாலையும் அழைத்தேன். போனே அணைந்துவிட்டது.

கோபுரம் செத்தால் யாருக்கும்தான் பதில் வராது. அது எனக்குத் தெரியாதா? தெரியும். அவள் நன்றாகத்தான் இருப்பாள், அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம். அவள் விழுந்து கிடந்தால், தேடிப் போக இந்த உலகத்தில் நான் ஒருவன்தான் பாக்கி. மகள் டார்ட்டூவில் போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருப்பாள்.

மூன்றாம் நாள் காலை கறுப்பு ரொட்டி இரண்டு துண்டு, உப்பு மீன், ஃபிளாஸ்க்கில் காபி எல்லாம் பையில் போட்டேன். தெருமுனையில் ரம்பத்தோடு ரோட்டை வெட்டித் திறந்துகொண்டிருந்த ஆட்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"எங்க தாத்தா கிளம்பிட்டீங்க?"

"காட்டுக்கு."

"காடு தரையில படுத்துக் கிடக்கு. நாளை மறுநாள் ரோடு திறந்துடும், பொறுங்க."

"நான் பொறுப்பேன். அந்தப் பக்கம் இருக்கறவளால முடியுமா தெரியல," என்றேன். அவர்கள் ரம்பத்தை மறுபடி முடுக்கினார்கள்.

என்னிடம் இருந்த பந்தய வரைபடங்கள் எதுவும் இந்தக் காட்டுக்கு இல்லை. இந்தக் காட்டில் யாரும் பந்தயம் நடத்தியதில்லை, அவ்வளவு சலிப்பான தட்டைக் காடு. அலமாரிக்கு மேல் பழைய அரசாங்க நில வரைபடத் தாள் ஒன்று கிடைத்தது. என் வீடும் இருந்தது, சால்மேயின் பண்ணையும் ஒரு சின்னக் கறுப்புச் சதுரமாக இருந்தது. பண்ணைக்குத் தெற்கே வயலை ஒட்டி, கிழக்கு மேற்காக நேராக ஒரு வாய்க்கால். அது போதும் எனக்கு. பந்தயக்காரன் கை தாளை விரித்துப் பிடிக்காது. ஓரமெல்லாம் பின்னால் மடித்து, உள்ளங்கை அளவாக்கி, போக வேண்டிய பாதை மட்டும் மேலே தெரியும்படி பிடித்துக்கொண்டேன். கட்டை விரல் நான் நிற்கும் இடத்தில். ஐம்பது வருஷமாக அப்படித்தான்.

இனி ஒரு தந்திரம். பண்ணையைக் குறிவைத்து நேராகப் போகக் கூடாது. கொஞ்சம் பிசகினால் வாய்க்கால் கரையில் வந்து நிற்பாய், பண்ணை இடது பக்கமா வலது பக்கமா என்று தெரியாது. அதனால் வேண்டுமென்றே ஒரு பக்கமாக ஒதுக்கிக் குறிவைக்க வேண்டும். நான் பண்ணைக்கு இடப்புறம், மேற்கே, இருநூறு மீட்டர் தள்ளி வாய்க்காலைக் குறி வைத்தேன். வாய்க்காலைத் தொட்டதும் யோசிக்கவே வேண்டாம், வலது பக்கம் திரும்பினால் பண்ணை. சின்னப் பையன்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்து எத்தனை கோப்பை வாங்க வைத்திருக்கிறேன்.

திசைகாட்டியின் நீளமான ஓரத்தை என் வீட்டிலிருந்து அந்தக் குறிக்கு வைத்தேன். உள்ளே சுழலும் வட்டத்தைத் திருப்பி, அதிலுள்ள கோடுகளைத் தாளில் அச்சடித்த வடக்குக் கோடுகளோடு இணையாக்கினேன். பிறகு திசைகாட்டியை மார்புக்கு நேராகச் சமமாகப் பிடித்து, சிவப்பு ஊசி வட்டத்தின் சிவப்பு அம்புக்குள் வந்து உட்காரும் வரை நானே திரும்பினேன். ஊசி அமைதியானது. போகும் திசை எனக்கு முன்னால். நடந்தேன்.

நடந்தேன் என்று சொல்வது பெருமைக்கு. ஊர்ந்தேன், ஏறினேன், கிளைகளுக்கு நடுவில் குனிந்தேன். பிடுங்கிக்கொண்டு விழுந்த ஸ்ப்ரூஸின் வேர்த்தட்டு ஒவ்வொன்றும் என் உயரம். ஒற்றையடிப் பாதை ஒன்று வரைபடத்தில் இருந்தது, தரையில் இல்லை. எதிரே தூரத்தில் ஒரு மரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, விழுந்த மரத்தை ஒரு தடவை இடமாகச் சுற்றினால் அடுத்த தடவை வலமாகச் சுற்றி, அந்த மரத்தைப் போய்த் தொடுவேன். மறுபடி ஊசி, மறுபடி இன்னொரு மரம். கண் ஒன்று மோசமென்றாலும் இந்த வேலைக்கு ஒன்று போதும்.

காற்று ஓய்ந்திருந்தது. ஒரு பறவைகூட இல்லை. என் மூச்சும் பூட்ஸும்தான் சத்தம். காட்டில் தனியாக இருப்பது எனக்குப் புதிதல்ல, பந்தயத்திலும் தனியாகத்தான் ஓடினோம். ஆனால் அப்போது முடிவில் யாராவது கடிகாரத்தோடு நிற்பார்கள். வீட்டிலும் அப்போது லெம்பி உயிரோடு இருந்தாள், என் மனைவி. ஒரு மரத்தில் சாய்ந்து காபி குடிக்கும்போது, சால்மேயிடம் முதலில் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். "காபி போடு, வந்துட்டேன்." வேண்டாம், ரொம்ப உரிமை. "நான் ஹெல்துர்." அதுவும் வேண்டாம், போஸ்ட்மேன் மாதிரி. கதவைத் திறந்து அவள் உயிரோடு நின்றால் எதுவும் சொல்லாமல் நிற்கலாம் என்று முடிவு செய்தேன். அவள் பேசிக்கொள்வாள்.

பாதி வழியில் ஒரு சதுப்பு. வரைபடப்படி அது எனக்கு வலப்புறம் இருக்க வேண்டும், நான் அதன் இடது ஓரத்தை உரசிக்கொண்டு உலர்ந்த மண்ணில் போக வேண்டும். ஆனால் கால் சதக்கென்று இறங்கியது. முழங்கால் வரை பாசியும் தண்ணீரும். அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? வரைபடத்தைத் திட்டினேன். பழைய தாள், மழை பெய்து சதுப்பு பெருத்திருக்கும், அளந்தவன் குடித்திருப்பான் என்று எல்லார் மேலும் பழி போட்டுவிட்டு, ஊசி சொன்ன திசையில் ஈரக் காலோடு நடந்தேன். ஊசி ஒருபோதும் என்னை ஏமாற்றியதில்லை. அன்றும் அது ஏமாற்றவில்லை.

வாய்க்கால் வந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்றால், தண்ணீரைப் பார்த்து "வந்துட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதற்குத்தானே தந்திரம். வலது பக்கம் திரும்பினேன்.

இருநூறு மீட்டரில் வயல் வெளிச்சம் தெரிய வேண்டும். கரையெல்லாம் விழுந்த பிர்ச் மரம், ஒவ்வொன்றையும் தாண்ட ஒரு யுகம் ஆயிற்று. வயல் வரவில்லை. மரம் தாண்டி மரம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனேன். கடைசியில் தெற்கிலிருந்து இன்னொரு வாய்க்கால் வந்து இதோடு சேர்ந்தது. நான் தாளைப் பார்த்தேன். வாய்க்கால்கள் சேரும் இடம் என்று அதில் ஒன்றே ஒன்றுதான். அது பண்ணைக்குக் கிழக்கே, நன்றாகத் தள்ளி இருந்தது.

பண்ணை எனக்குப் பின்னால் இருந்தது. நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

அப்போதுதான் கேட்டது, மேற்கே, ஒரு மோட்டார் சத்தம். காட்டுக்குள் ஓட்டுகிற நாலு சக்கர பைக். முதலில் நின்ற இடத்தில் உறுமியது, பிறகு நகர்ந்தது, வடக்கே தேய்ந்துகொண்டே போனது. நான் கத்தினேன். விசில் ஊதினேன். மோட்டார் ஓட்டுகிறவனுக்கு எங்கே கேட்கப் போகிறது.

விழுந்த மரம் ஒன்றின் மேல் உட்கார்ந்து தாளின் மடிப்பை எல்லாம் பிரித்தேன். எப்படி இவ்வளவு வலப்புறம் வந்தேன் என்று தெரியாமல் ஓர் அடி வைக்கவும் பயமாக இருந்தது. கீழ் ஓரத்தில், நான் பின்னால் மடித்து வைத்த இடத்தில், பொடி எழுத்தில் இருந்தது: இந்தத் தாளின் வடக்குக் கோட்டிலிருந்து காந்த ஊசி சுமார் ஏழு டிகிரி கிழக்கே விலகும்.

பந்தய வரைபடத்தில் வடக்குக் கோடுகளை ஊசி காட்டும் காந்த வடக்குக்கே வரைந்திருப்பார்கள். ஓடுகிறவன் கணக்குப் போட வேண்டியதில்லை. ஐம்பது வருஷம் அந்தக் கோடுகளோடு வாழ்ந்தவனுக்கு, எந்தத் தாளில் எந்தக் கோட்டைப் பார்த்தாலும் அது ஊசியின் கோடு. அரசாங்கத் தாளின் கோடுகள் வேறு, அவை நிலம் அளப்பவனின் வடக்கு. ஏழு டிகிரியை முதலிலேயே கழித்திருக்க வேண்டும். கழிக்காததால் மூன்றரை கிலோமீட்டரில் நானூறு மீட்டருக்கு மேல் வலப்புறம் சரிந்திருக்கிறேன். சதுப்பு அதைத்தான் சொன்னது. நான் ஒதுக்கி வைத்த இருநூறு மீட்டரையும் தாண்டி, பண்ணையையும் தாண்டி வந்து, அதற்கு மேல் சாமர்த்தியமாக வலது பக்கமும் திரும்பியிருக்கிறேன். வரைபடமே பார்க்கத் தெரியாதவன் இப்படிச் செய்திருக்க மாட்டான். வாய்க்காலில் நின்று இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்திருப்பான்.

திரும்பி அதே மரங்களை ஒவ்வொன்றாகத் தாண்டினேன். இரண்டு தடவை விழுந்தேன். கடைசியில் வயல் வந்தது, பலகைப் பாலம் வந்தது, அதற்கு அந்தப் பக்கம் மஞ்சள் வர்ணம் உரிந்த வீடு. புகைபோக்கியில் புகை. என் நெஞ்சு அடித்த அடி வாலிபத்தில் எந்தப் பந்தயத்திலும் அடித்ததில்லை.

கதவைத் திறந்தது ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட நடுவயதுப் பெண்.

"ஹெல்துரா?" என்றாள்.

"ஆமாம். சால்மே?"

"உள்ள வாங்க, முதல்ல உட்காருங்க. நான் மாரிகா, மீட்புத் தொண்டர் குழு. கால் எல்லாம் ஈரமா இருக்கே."

"சால்மே எங்க?"

"கூட்டிட்டுப் போயாச்சு. பயப்படாதீங்க, பேசிக்கிட்டேதான் போனாங்க. புயல் ராத்திரி இருட்டுல நிலவறைப் படியில விழுந்து இடுப்பு எலும்பு போச்சு. தவழ்ந்து மேல வந்து அடுப்புக்குப் பக்கத்துல கிடந்திருக்காங்க. தனியா இருக்கறவங்க வீடா பார்த்துக்கிட்டு வந்தோம், காலைலதான் இங்க வந்து சேர்ந்தோம். பெரிய ரோட்டுல ஆம்புலன்ஸ் நிக்குது, பைக்ல ஸ்ட்ரெச்சரைக் கட்டிக் கொண்டுபோனாங்க."

"எப்போ?"

மாரிகா எனக்காகக் கோப்பையில் டீ ஊற்றினாள்.

"இப்பதான். அரை மணி நேரம் முன்னாடியே கிளம்பியிருக்கணும். அந்த அம்மாதான் விடல. 'இன்னிக்கு ஹெல்துர் வருவான், இரண்டு சாயங்காலம் ஆச்சு, வருவான்'ன்னாங்க. ரோடு எல்லாம் மூடிக் கிடக்கே, எப்படி வருவாருன்னு கேட்டோம். 'ரோடு எதுக்கு அவனுக்கு? காட்டு வழியா வருவான். சாம்பியன், வழி தப்ப மாட்டான்'ன்னாங்க. அந்த வலியிலயும் எங்களை அதட்டினாங்க. சரின்னு நின்னோம். அப்புறம் ஆம்புலன்ஸ்காரன் வயர்லெஸ்ல கத்த ஆரம்பிச்சுட்டான்."

நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த அரை மணி நேரம் நான் எங்கே இருந்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. ஐந்நூறு மீட்டர் தள்ளி, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், பிர்ச் மரங்களைத் தாண்டித் தாண்டி சால்மேயை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தேன்.

"என்னையும் அவங்கதான் இருக்கச் சொன்னாங்க," என்றாள் மாரிகா. "வந்து பார்த்து ஆள் இல்லைன்னா மனுஷன் பயந்துடுவான்னாங்க. பைக் திரும்பி வரும், உங்களை ஊர்ப்பக்கம் கொண்டு விடறோம்."

"வேண்டாம். நடந்துடுவேன்."

"பிடிவாதம் பிடிப்பீங்கன்னும் சொன்னாங்க."

அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் ஒரு தலையணையும் மடித்த கம்பளியும் இருந்தன. வீடு குப்பையாக இல்லை. ஜன்னல் திரைகூட இஸ்திரி போட்டிருந்தது. ஆறு வருஷமாகப் பொய் சொல்லியிருக்கிறாள். அவளுக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அவ எப்படி இருப்பா?" என்று கேட்டேன்.

"இடுப்புதான், ஆபரேஷன் பண்ணுவாங்க..."

"அது இல்ல. பார்க்க எப்படி இருப்பா?"

மாரிகா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "உங்களுக்கு எவ்வளவு நாளாத் தெரியும்?"

"ஆறு வருஷம். போன்ல."

மாரிகா மெதுவாகச் சொன்னாள். ஒல்லி. நல்ல உயரம். நரைத்த முடி, நீளமாகப் பின்னியிருந்தது. ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும். "நாங்க தூக்கப் போறப்ப, நில்லுங்க, சீப்பை எடுங்கன்னாங்க. நான்தான் பின்னலை அவிழ்த்து வாரி மறுபடி பின்னிவிட்டேன். கருநீல ஸ்வெட்டர்தான் வேணும்னு அலமாரியிலிருந்து எடுக்கச் சொல்லிப் போட்டுக்கிட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு எதுக்கும்மான்னு கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு இல்லடி, ஆள் வருதுன்னாங்க."

திரும்பும்போது ஏழு டிகிரியைக் கழித்தேன். ஊசியை வட்டத்தில் உட்கார வைத்து, மரத்திலிருந்து மரத்துக்குப் போனேன். சதுப்பு இருக்க வேண்டிய பக்கத்தில் இருந்தது, ஒரு சொட்டு ஈரம் படவில்லை. என் விறகுக் கொட்டகைக்கு நேராக வெளியே வந்தேன், ஒரு பத்தடிகூட விலகவில்லை. பந்தயமாக இருந்தால் கைதட்டியிருப்பார்கள். அடுப்பு அணைந்து வீடு சில்லென்று கிடந்தது.

ரோடு இரண்டு நாள் கழித்துத் திறந்தது. ரம்பக்காரர்களின் லாரியிலேயே ஏறி மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன். முகம் மழித்திருந்தேன், லெம்பி கடைசியாக வாங்கிக் கொடுத்த சட்டை போட்டிருந்தேன். முந்தின ராத்திரி ஆபரேஷனுக்குப் பிறகு இதயம் நின்றுவிட்டது என்று கவுன்ட்டரில் இருந்த பெண் சொன்னாள். உடலை மகள் டார்ட்டூவுக்கு எடுத்துப் போய்விட்டாளாம். நீங்கள் உறவா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

சால்மேயைப் பற்றி என்னிடம் குரல் இருக்கிறது. பின்னல் இருக்கிறது, ஒரு பக்கக் கன்னக்குழி இருக்கிறது, கருநீல ஸ்வெட்டர் இருக்கிறது. எல்லாம் மாரிகா சொன்னது. அவற்றைச் சேர்த்து வைத்து ஒரு முகம் செய்யப் பார்க்கிறேன், நிற்கவே மாட்டேன் என்கிறது. அந்த ஏழு டிகிரியைக் கழித்திருந்தால் நானே பார்த்திருப்பேன்.